சார் கேட்டால் சொல்லும் பதில்

குழுக்கடன் கம்பெனியில் வேலை பார்க்கும் நஸ்லின் சொல்லிக்கொடுத்த லட்சணம் இப்படி. மலைமேல் ஆலத்தூர் நாட்டுப் பெண்கள் ஐவரை உட்கார வைத்து, "ஒருத்தர் தவணை கட்டலைன்னா என்ன செய்வீங்கன்னு மேனேஜர் சார் கேப்பாருங்க்கா. மத்த நாலு பேரும் கட்டுவோம்னு பட்டுனு சொல்லிருங்க. அப்பத்தான் லோன் வரும்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்திருந்தாள்.

ஐவருக்கும் தமிழ் நன்றாகப் படிக்க வரும். ஒப்பந்தத்தின் தமிழ்ப் படிகளும் அவள் பையில்தான் இருந்தன. கொடுத்தால் வரிக்கு வரி கேள்வி கேட்பார்களே, மாதக் கடைசி, கடன் கணக்கை எட்டிக் காட்டும் அவசரம் வேறு! கையெழுத்துக்கு ஆங்கிலத் தாள் போதும் என்று விட்டுவிட்டாள்.

இன்று கலைச்செல்வி வீட்டில் கூட்டம். அருவி ரோட்டில் பலாச் சிப்ஸ் கடை போடும் ஆசையில், வீடு வீடாக நடந்து இந்தக் குழுவைச் சேர்த்தவளே அவள்தான். மேனேஜர் தனபால் கேட்டதற்கெல்லாம் பதில் டாண் டாண் என்று வந்தது. மனிதருக்குப் பரம திருப்தி.

ஆடு வாங்கக் கடன் கேட்டிருந்த அத்தாயி முதலில் பேனாவை எடுத்தாள்.

"நாஞ் சரியாச் சொன்னனா, கண்ணு?" என்று நஸ்லினிடம் கிசுகிசுத்தாள். "நெசமாலுமே கட்டச் சொன்னா நா எங்க போவேன்? நல்லவேளை, பேச்சுக்குத்தானே."

நஸ்லினுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சீ, என்ன காரியம் செய்துவிட்டோம்!

"போடாதீங்க்கா. பேச்சுக்கில்லை, நெசமாவே கட்டணும். நாந்தான் சரியாச் சொல்லலை" என்று தமிழ்ப் படிகளை எடுத்து நீட்டினாள். தனபால் முறைத்த முறைப்பை அவள் பார்க்கவில்லை. "அடமானம் எதுவும் இல்லீங்க்கா. ஆனா ஒருத்தர் நிறுத்திட்டா மத்தவங்ககிட்டத்தான் கேப்போம். கட்டலைன்னா உங்க பேரும் கெட்டுப்போயிரும், அடுத்த லோனும் கெடைக்காது."

எல்லோரும் படித்தார்கள். படித்து முடித்த கண்கள் ஒவ்வொன்றாகக் கலைச்செல்வி பக்கம் போய்த் திரும்பின. மிளகு விற்ற காசை அவள் புருஷன் குடித்தே தீர்ப்பது ஊரறிந்த சங்கதி.

"யோசிச்சுச் சொல்றமுங்க" என்றாள் அத்தாயி, தரையைப் பார்த்தபடி.

முதல் நாளே தமிழ்ப் படிகளைக் கொடுத்திருந்தால் அவரவர் வீட்டில் வைத்துப் பேசி, மனம் நோகாமல் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார்கள். இப்போது சொந்த வீட்டிலேயே, அந்நிய ஆம்பளை முன்னால், கலைச்செல்வியை எடைபோட்டு ஒதுக்கியாயிற்று. நஸ்லினுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

கலைச்செல்வி உள்ளே போனாள். போட்டு வைத்திருந்த டீயைக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

"என்னைய உட்டுட்டு வேற ஆளைச் சேத்துக்குங்க" என்றாள் பொதுவாக. கடைசி டம்ளரை நஸ்லினிடம் நீட்டினாள்.

"எனக்காவ இத்தனை தடவை மலையேறி வந்தீங்க. உங்களுக்குத்தான் வீண் அலைச்சலாப் போச்சு. மன்னிச்சுக்குங்க, மேடம்."