அக்காவின் குரல் அளவு

அக்காவுக்கு வியாழக்கிழமை தொண்டையில் அறுவைச் சிகிச்சை. அப்புறம் குரல் இருக்காது. பிள்ளைகளுக்காக நான்கு நாளாக என் மடிக்கணினியில் கதைகளைப் படித்துப் பதிவு செய்தாள். சனியன் பிடித்த கணினி, அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் மைக்கின் அளவைத் தானாக ஏற்றியது, பதிவில் மின்விசிறி இரைந்தது. பேசத் தொடங்கினால் இறக்கியது.

இன்று, அளவைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயினையும் ஒலியைத் திருத்தும் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்டையும் அணைத்து, அளவைக் கையால் ஒரே இடத்தில் வைத்தேன்.

விசிறிச் சத்தம் அடங்கியது. ஆனால் பத்தே நிமிடத்தில், திரையில் அவள் குரலின் கோடு நூலாக மெலிந்தது. மைக் நகரவில்லை, அவளும் நகரவில்லை.

"நாலு நாளா நல்லாத்தானேடா இருந்துச்சு?"

அணைத்து வைத்த ஆட்டோ கெயினைத் திரையில் காட்டினேன்.

"அப்ப அதுதான் என்னைத் தூக்கிப் பிடிச்சுட்டு இருந்துச்சா?" என்றாள். "திரும்பப் போட்டு விடுடா. பிள்ளைங்க அதையே கேக்கட்டும்."