மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு

ராவியாவுக்குக் குரல் நன்றாக இருந்தது. மூச்சுதான் குட்டை. டெல்டா வட்டார வானொலியில் இரண்டு வருடமாக மீன் விலையையும், தொலைந்துபோன அடையாள அட்டைகளின் விவரத்தையும் வாசித்துக்கொண்டிருந்தாள். மீன் விலைக்கு நீள மூச்சு தேவையில்லை. கெண்டை, ஒரு மூச்சு. கெளுத்தி, ஒரு மூச்சு. அவள் ஆசையெல்லாம் மதியம் இரண்டு மணிச் செய்தியின் மேல் இருந்தது.

அந்த ஆசைக்கு வழிவிட்டது உப்பில் ஊறிய மீன். வழக்கமாக இரண்டு மணிச் செய்தி வாசிக்கும் பெரிய மனிதர் வசந்தப் பண்டிகைக்கு ஃபஸீக் என்னும் அந்த மீனை வயிறு முட்டத் தின்றுவிட்டு, குரலும் இல்லாமல் குடலும் இல்லாமல் வீட்டில் கிடந்தார்.

"இன்னிக்கு நீ வாசி" என்றார் உஸ்தாத் தசூக்கி. "ஒரு விகுதி பிசகக்கூடாது. பிசகாம வாசிச்சா ரெண்டு மணி இனிமே உனக்கு. பிசகினா திரும்ப கெண்டை மீனுக்கே போயிடு."

தசூக்கிதான் நிலையத்தின் மொழித் திருத்தர். செய்தியில் வருவது உண்மையா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இலக்கணமா என்று மட்டும் கேட்பார். விகுதி தெரியாதவர்கள் அரபுச் சொல்லின் வாலை விழுங்கிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். அந்த விழுங்கலும் அவர் காதுக்குக் கேட்கும். அப்படியொரு பாழாய்ப்போன காது.

ராவியா தாளை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். முறையாகத்தான் ஆரம்பித்தாள். ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சாய்கோடு, நீளமாக நிறுத்த வேண்டிய இடத்தில் இரட்டைக் கோடு, அழுத்த வேண்டிய பெயரின் அடியில் ஒரு கோடு. எண்ணையும் எண்ணப்படும் பொருளையும் பிரித்து மூச்சு விடக்கூடாது என்பதால் அங்கெல்லாம் இரண்டையும் வளைவு போட்டுச் சேர்த்தாள். ஓர் எருமை ஒரே ஈற்றில் பல கன்றுகள் ஈன்ற கடைசிச் செய்தியில் ஊர்ப் பெயர் இடறியது. அரபு எழுத்தில் உயிர்க்குறி போடாமல் எழுதினால் அதை நாலு விதமாக வாசிக்கலாம். செய்திக்கு உரியவரையே போனில் பிடித்தாள்.

"ஹாஜி ஷல்கமிங்களா? ரேடியோவிலேருந்து பேசறேன். உங்க ஊர்ப் பேர எப்படிச் சொல்லணும்?"

"கஃப்ர் அல்-பலஷூன், தாயி! எல்லாப் பயலும் பில்ஷவ்ன்னு சொல்லி எங்க மானத்த வாங்கறானுங்க. எருமை பேரு மஹாசின். அதையும் சொல்லிடு, அது சந்தோஷப்படும்."

பெயரை உயிர்க்குறிகளோடு எழுதிக்கொண்டாள். மணி இரண்டாகப் போகிறது என்று ஒலிப்பதிவாளர் வஹீப் கத்தினார். ஓடிக்கொண்டே, கடைசி வரியில் கடைசி மூச்சுக்கோட்டைப் போட்டாள். ஓட்டத்தில் போட்ட கோடு சாயவில்லை, விறைப்பாக நின்றது.

வினை அங்கேதான் முளைத்தது. அரபு எண்களில் ஒன்று என்பது வெறும் நேர்கோடு. எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். எண்ணில் மட்டும் பெரிய இலக்கம் இடப்பக்கம் நிற்கும். "ஈன்ற கன்றுகளின் எண்ணிக்கை 3" என்று வரி முடிந்து, அதற்கு அடுத்து, அதாவது மூன்றின் இடப்பக்கத்தில், ராவியாவின் மூச்சு நேர்கோடாக நின்றது. மூன்று போய் பதின்மூன்று ஆகிவிட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. ராவியா அருமையாக வாசித்தாள். அமைச்சகத்தின் நீண்ட பெயரை மூன்று துண்டாக்கிச் சீராகக் கொடுத்தாள். பருத்தி விளைச்சலின் எண்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, கேட்பவர் எழுதிக்கொள்ளலாம் போல் சொன்னாள். எருமையிடம் வந்தாள். கண்ணில் பதின்மூன்று பட்டது. அவள் மனம் எருமையைப் பற்றி யோசிக்கவே இல்லை; பதின்மூன்றின் விகுதியைப் பற்றித்தான் யோசித்தது. வாசிப்பவர்கள் கூட்டம் கூட்டமாக வழுக்கி விழும் எண் அது. கொஞ்சமும் சறுக்காமல், வால் நுனிவரை தெளிவாக, "ஸலாஸத அஷர!" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தசூக்கியின் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. புன்னகை வரும் என்று யாரும் எதிர்பார்க்காத இடம் அது. பக்கத்தில் வஹீப் தலையில் கைவைத்துக்கொண்டு மூன்று விரலை ஆட்டினார்.

இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்கிறார் போலும் என்று நினைத்தாள் ராவியா. வேகத்தைக் குறைத்தாள். வஹீப் விரல்களை இன்னும் வெறியோடு ஆட்டினார். இன்னும் குறைத்தாள். தனித் தாளில் இருந்த வானிலையை, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் பேசுவதுபோல், ஒவ்வொரு சொல்லாக வாசித்து முடித்தாள்.

"ஒரு பிழைகூட இல்ல!" என்று தசூக்கி வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பதின்மூணு இருக்கே... இருபது வருஷத்துல அப்படி ஒரு பதின்மூணு கேட்டதில்ல."

"உஸ்தாத், அது மூணு" என்றார் வஹீப்.

"எது மூணு?"

"கன்னுக்குட்டி!"

போன் அடித்தது. செய்தி முடிந்து அரை மணிகூட ஆகவில்லை, ஹாஜி ஷல்கமி.

"அம்மா தாயே, நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்? கால்நடை ஆபீஸ்லேருந்து ஊசியோட வந்து மிச்சம் பத்து எங்கங்கிறான். கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்கறான்! கண்ணு படும்னு ஒளிச்சுட்டேன்னு அக்கம்பக்கத்துல பேசறாங்க. என் பொண்டாட்டியே, 'எங்கிட்ட மட்டும் சொல்லுங்க'ங்கிறா!"

 ராவியாவின் கண்முன் கெண்டை மீன் வந்து வாயைத் திறந்து மூடியது. தாளைக் காட்டினாள், கோட்டையும் காட்டினாள். தசூக்கி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எண்ணு தப்பு என் இலாகா இல்ல" என்றார் கடைசியில், மனசில்லாமல். "ஆனா ஜனங்க சும்மா விட மாட்டாங்க. அஞ்சு மணிக்குத் திருத்தம் வாசி. நானே எழுதித் தரேன். அதுலயும் சொதப்பினா, ரெண்டு மணிய மறந்துடு."

தசூக்கி எழுதினார். ஒரே வாக்கியம். எட்டு வரி. நடுவில் ஒரு காற்புள்ளி இல்லை. இலக்கணப்படி தேவையும் இல்லையாம். மூன்றை எழுத்தில் எழுதச் சொல்லி ராவியா கெஞ்சி வாங்கிக்கொண்டாள். பென்சிலைத் தொடவே பயந்து, ஒரு மூச்சுக்கோடும் போடாமல் உள்ளே போனாள்.

நான்காவது வரியிலேயே நெஞ்சு இறுகியது. ஆறாவது வரியில் கண் இருண்டது. விகுதி ஒன்றையும் விடவில்லை. "மஹாசின் என்னும் எருமை ஈன்ற கன்றுகளில் இருப்பவை..." என்றபோது உள்ளே காற்றே இல்லை. ஹ்ஹ்ஹக் என்று ஒரு பெருமூச்சை இழுத்தாள். அது ஒலிவாங்கியில் அப்படியே விம்மலாக விழுந்தது. "...மூன்று மட்டுமே."

முக்கால் மணி நேரம் நிம்மதியாகப் போனது. பிறகு போன் அடித்தது.

"இப்ப என்னம்மா பண்ணிட்ட?" ஹாஜியின் குரலுக்குப் பின்னால் பெண்கள் ஒப்பாரி வைப்பது கேட்டது. "ரேடியோக்காரப் பொண்ணே அழுதுருச்சு, பத்தும் செத்துப்போச்சுன்னு ஊரே துக்கம் விசாரிக்க வந்துருக்கு! கறுப்புக் கட்டிக்கிட்டு பொம்பளைங்க மஹாசினச் சுத்தி உக்காந்திருக்காங்க. வந்தவங்களுக்கெல்லாம் துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பி போட்டுப் போட்டு அடுப்பு அணையல!"

ராவியா தசூக்கியைப் பார்த்தாள். அவர் போனின் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"மன்னிச்சிடுங்க ஹாஜி" என்றாள் ராவியா. "எல்லாம் என் மூச்சால வந்த வினை. இனிமே உங்க எருமையப் பத்தி வேற யாராச்சும் வாசிப்பாங்க."

"வேற யாரா?" ஹாஜி வெகுண்டார். "அடிச்சுப்புடுவேன்! எண்ணு கெடக்குது கழுதை, மூணோ பதின்மூணோ நாங்க வீட்டுல எண்ணிக்குவோம். கஃப்ர் அல்-பலஷூன்! என் ஆயுசுல ரேடியோவுல எங்க ஊருப் பேரச் சரியாச் சொன்னது நீ ஒருத்திதான். அதுவும் ஒரே நாள்ல ரெண்டு தடவ! கேட்டுட்டு எங்க சித்தப்பா அழுதாரு. அது கன்னுக்குட்டிக்காக இல்ல."

போன் வைக்கப்பட்டது.  தசூக்கி சட்டைப்பையிலிருந்து, யாரையும் தொடவிடாத தன் சிவப்புப் பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மூச்ச இதால போடு. எண்ணு எதுவும் சிவப்பா வராது" என்றார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு நேரத்தோட வா. மீன் விலைய வஹீப் வாசிக்கட்டும்."