பொதுவில் போட்ட சீட்டு

பழைய சந்தைக் கொட்டகையை இடித்ததிலிருந்து பொன்னுத்தாய் அக்கா சாலையோரத்தில் குடை விரித்துத்தான் கருவாடு விற்றார். ஐப்பசி பிறந்துவிட்டால் குடை எந்த மூலைக்கு? நனைந்த கருவாட்டைக் காக்காகூடத் திரும்பிப் பார்க்காது. எங்கள் பேரூராட்சி புதிதாகக் கட்டிய பத்துக் கடைகளில் ஒன்று கிடைக்காவிட்டால் அக்காவின் பிழைப்பு அதோடு சரி.

கடை கேட்டவர்களோ எக்கச்சக்கம். அதனால் குலுக்கல் வைத்தார்கள். நான் இளவழகன், அலுவலக உதவியாளன். எவர்சில்வர் குடத்தைக் குலுக்கும் பாக்கியம் எனக்கு. பத்தில் இரண்டு ஆதிதிராவிடருக்கு, ஒன்று மாற்றுத்திறனாளிக்கு, மீதி ஏழும் பொது. ஒதுக்கீட்டுக் கடைகளை முதலில் எடுத்தோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் பங்கிலிருந்த இரண்டும் வேறு ஆட்களுக்கு விழுந்தன.

செயல் அலுவலர் ஷிஃபா மேடம், விழாத சீட்டுகளைப் பொதுவில் போடச் சொன்னார். போட்டேன். அக்கா விறுவிறுவென்று மேடையேறிவிட்டார். எங்கள் பக்கம் ஒரு பொருள் பொதுவில் போய்விட்டது என்றால், குத்தகை முடிந்த குளத்து மீன் மாதிரி, கைக்கு எட்டினவன் அள்ளிக்கொண்டு போவான். தன் சீட்டுக்கும் அந்தக் கதிதான் என்று நினைத்துவிட்டார்.

"எங்க பங்குல விழலன்னா விழல தம்பி. என் சீட்ட ஏன் பொதுவுல போடுற? எடுத்துக் குடு."

அந்த நேரம் பார்த்து, பொதுவில் கடை கேட்டிருந்த காபித்தூள் வியாபாரி கல்யாணம் சாரும் எழுந்தார். அவர்களுக்குத்தான் தனிப்பங்கு இருக்கிறதே, பொதுக்குடத்தில் அவர்கள் சீட்டு எதற்கு என்றார். ஆக, இரண்டு பேருக்கும் ஒரே கோரிக்கை. இவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான். சிரிப்பை அடக்கக் குடத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

மேடம் சிரிக்கவில்லை. "பொதுன்னா மிச்ச பேருக்குன்னு அர்த்தமில்லைங்க சார், எல்லாருக்கும்னு அர்த்தம். ஒதுக்கீடு ரெண்டுக்குக் கொறையக்கூடாதுன்னுதான். ரெண்டத் தாண்டக்கூடாதுன்னு இல்ல."

பிறகு அக்காவிடம், சீட்டு எங்கேயும் போகவில்லை, இன்னும் ஏழு கடைக்கு உயிரோடு இருக்கிறது என்று விளக்கினார். அக்கா அரை மனசோடு இறங்கிப் போனார்.

பேருந்துக்கு நின்ற ஓர் அம்மாளைக் கூப்பிட்டு, கடை வரிசைப்படி சீட்டெடுக்கச் சொன்னோம். நாலிலிருந்து எட்டு வரை போயின. ஒன்பதாம் கடை கல்யாணம் சாருக்கு. கடைசிக் கடைக்குச் சீட்டைப் பிரித்த மேடம், "பொன்னுத்தாய்" என்று வாசித்தார். அக்கா இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷம்தான், வேறென்ன.

கல்யாணம் சாருக்குத்தான் முகம் தொங்கிப்போனது. கருவாட்டு வாசத்துக்குப் பக்கத்தில் காபித்தூளை எப்படி விற்பது என்று மேடத்திடம் முறையிட்டார்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கும் அதே கவலதாங்க சார். காபி வாசம் ஏறுன கருவாட்ட எவன் வாங்குவான்?"