முதலில் சிரிப்பு, பிறகு சுவர்

ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் வீட்டுக்குள் விழுந்த பிறகுதான் தம்பி அக்காவைத் தேடி ஓடிவந்தான். அக்காவுக்குச் செய்திப்படக் கம்பெனியில் படச்சுருளை வெட்டி ஒட்டும் வேலை. அங்கே அவளைக் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாயும் அப்படித்தான்.

"ரெண்டு பேர் செத்துக் கிடக்கும்போது நான் சிரிச்சேனாம் அக்கா. மத்தியானக் காட்சியில செய்திப்படம் பார்த்தவங்க அத்தனை பேரும் சொல்றாங்க. அடுத்த காட்சிக்கு ஆலையே திரண்டு வருது. அதையும் பார்த்துட்டா என்னை உயிரோட விடமாட்டாங்க."

ஆலைக் கிடங்கின் சுவர் போன வாரம் இடிந்து இரண்டு சுமைதூக்கிகள் இறந்துபோனார்கள். கிடங்குக்கு மேற்பார்வை தம்பிதான். கேமராக்காரர் இடிபாட்டையும் மூடிய உடல்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு முகமாவது வேண்டும் என்று செய்திப்பட முதலாளி குதித்தார். ஒரு மாதத்துக்கு முன் புது லென்ஸைச் சோதிக்க மொட்டைமாடியில் தம்பியை நிறுத்தி எடுத்த இரண்டு துண்டுகள் கத்தரியிடம் இருந்தன. ஒன்றில் பல்வலியோடு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். மற்றதில் கேமராக்காரரின் தொப்பி காற்றில் பறந்ததைப் பார்த்துச் சிரிக்கிறான். பல்வலியைச் சுவருக்கு முன்னால் ஒட்டினாள். சிரிப்பு வீணாகப் போவானேன் என்று அடுத்த செய்தியான கண்காட்சிக்குத் தொடக்கமாக வைத்தாள். நடுவில் 'கண்காட்சியில் குதூகலம்' என்ற எழுத்து அட்டை. இதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தாள்.

தம்பியை இழுத்துக்கொண்டு சினிமாக் கொட்டகையின் பின்வாசல் வழியாகப் படம் ஓட்டும் அறைக்கு ஏறினாள். சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அண்ணே, அட்டை எங்கே?"

"அந்த இடத்துல அறுந்துபோச்சும்மா," என்றார் ஆபரேட்டர். "கிழிஞ்சதை எடுத்துட்டு ரெண்டு முனையையும் ஒட்டிட்டேன். வெறும் எழுத்துதானே?"

"வெறும் எழுத்தா! வேலி அண்ணே அது!"

அட்டை போனதும் சுவரை அடுத்து நேராகச் சிரிப்பு. பார்க்கிறவன் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. முகத்தைக் கண்டால் அது எதைப் பார்க்கிறது என்று தேடுவான். பக்கத்தில் இருப்பதையே விடையாக எடுத்துக்கொள்வான். சுவரிலும் இல்லாத, சிரிப்பிலும் இல்லாத ஒரு கொடூரன் அந்த ஒட்டில் பிறந்துவிட்டான்.

காட்சிக்கு இன்னும் கால் மணி நேரம். கீழே பெஞ்சுகள் நிறையும் சத்தம் கேட்டது. புது அட்டை எழுதிப் படம்பிடிக்க நேரமில்லை. சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டால், பயந்து மறைத்தான் என்பார்கள். கையில் இருப்பவை மூன்று துண்டுகள், அவ்வளவுதான்.

"வரிசையை மாத்தறேன்," என்றாள்.

சிரிப்பை முன்னால் கொண்டுவந்தாள், நீளம் வேண்டாமென்று முப்பது பிரேம்களோடு நறுக்கினாள். அடுத்து சுவர். கடைசியில் பல்வலி, அதில் ஒரு பிரேமைக்கூடக் குறைக்கவில்லை. கண்காட்சியைக் கழற்றித் தனியே வைத்தாள். ஒவ்வொரு முனையிலும் சுருளின் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டி, பசை தடவி, ஓரத்துளைகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அழுத்தினாள். அவசரத்தில் ஒரு ஒட்டு கோணிப்போய், திரும்பவும் வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று.

"இப்ப நீ ஒண்ணுமே தெரியாம சிரிச்சுக்கிட்டிருந்தவன். சுவர் விழுது. உடைஞ்சு போறே. அதே மூஞ்சிதான்டா, பயப்படாதே."

தம்பி அறைக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான்.

படம் ஓடியது. சிரிப்பு வந்ததும் கீழே சீழ்க்கையும் வசவும் கிளம்பின. சுவர் வந்தது, சாக்குப் போட்டு மூடிய இரண்டு உடல்கள் வந்தன. கூட்டம் அடங்கியது. உதட்டைக் கடித்த முகம் வந்து, போகாமல் நின்றது. யாரோ விசும்பினார்கள். சுருள் முடிந்து விளக்கு எரிந்தபோது முதல் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். இறந்த சுமைதூக்கி ஒருவனின் மனைவி. மேற்பார்வைக்காரன் சிரித்தானா என்று தன் கண்ணால் பார்க்க வந்தவள்.

"பாவம், அந்த மனுஷனைப் போய் திட்டிட்டோமே," என்று அவள் சொன்னது மேலே வரைக்கும் கேட்டது.

கத்தரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெருமையாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்த்தாள். தம்பி திரையைப் பார்க்கும் சிறு ஜன்னலின் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

"ஒண்ணும் தெரியாதவன்னு சொன்னியே அக்கா. சுவர்ல இருந்த விரிசலை நான் முந்தின நாளே பார்த்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சரக்கு ஏத்தி முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்துட்டேன்."

அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. மூன்று துண்டுகளையும் மனதுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எந்த வரிசையிலும் அந்த விரிசல் இல்லை. அதை யாரும் படம்பிடிக்கவில்லை.

"அந்த அம்மா என்னைப் பாவம்ங்கறாங்க," என்றான். "கல்லடியே தேவலை." கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினான். கொன்றுவிடுவார்கள், பிடித்து நிறுத்து என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது. அவள் கை நீளவில்லை.

ஆபரேட்டர் அடுத்த சுருளை எடுத்தார்.

"மாட்டாதீங்க அண்ணே. விளக்கு எரியட்டும்."

வெள்ளைத் திரைக்கு முன்னால் தம்பி போய் நின்றான். அவள் இதுவரை வெட்டாத ஒரு முகம் அவனுக்கு இருந்தது. எதிரே அந்தப் பெண் இன்னும் உட்காரவில்லை. அவளைப் பார்த்து அவன் வாயைத் திறந்தான்.