அறுபத்திரண்டு பவுண்டு

அந்த டென்னிஸ் கிளப்பில் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. எத்தனை பவுண்டு என்றுதான் கேட்பார்கள். மட்டையில் ஸ்ட்ரிங்கை எந்த இறுக்கத்தில் கட்டியிருக்கிறாய் என்று அர்த்தம். ஐம்பதுக்குக் கீழே சொல்கிற ஆளை, வேலை போனவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அறுபது என்றால் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். அறுபது பவுண்டுக்காரர் அடித்த பந்து வலையைத் தாண்டியதா என்று யாரும் கேட்பதில்லை. அது வேறு விஷயம்.

பல் டாக்டர் வந்து சேர்ந்தபோது ஐம்பத்திரண்டில்தான் இருந்தார். பந்து அவ்வப்போது கோட்டுக்கு வெளியே போய் விழும். இரட்டையர் ஆட்டத்தில் அவருக்கு ஜோடி அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். கயிறுகளோடு குடித்தனம் நடத்துகிறவன் என்பதால் இறுக்கம் பற்றிக் கருத்துச் சொல்லப் பிறப்புரிமை பெற்றவன்.

"கயிறு தொய்ஞ்சா லிஃப்ட் எங்கேயோ போய் நிக்கும் அத்தான். பந்தும் அப்படித்தான். மூணு பவுண்டு ஏத்துங்க."

ஏற்றினார். பந்து உள்ளே விழுந்தது. கொஞ்சம் அதிகமாகவே உள்ளே, மைதானத்தின் நடுவிலேயே விழுந்தது. எதிராளிகள் சாவகாசமாக முன்னால் வந்து அதைச் சாத்தினார்கள். ஆழமாகப் போகவில்லையே என்று டாக்டர் பலம் கொண்ட மட்டும் வீசினார். பந்து மறுபடி வெளியே போனது. மச்சான் மறுபடி ஏற்றச் சொன்னான். பந்து குட்டையாக விழுந்தது, டாக்டர் இன்னும் வேகமாக வீசினார், பந்து வெளியே போனது. இப்படியே ஏணி ஏறி அறுபத்திரண்டுக்கு வந்து சேர்ந்தார். பல் வைத்தியம் படிக்க இவ்வளவு வருஷம் செலவழித்த மனிதருக்கு, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியவே இல்லை. போதாததற்கு, அரை பவுண்டு கூடக் குறைய இருந்தாலும் என் கைக்குத் தெரிந்துவிடும் என்று மார் தட்டிக்கொண்டார். ஸ்ட்ரிங் கட்டிய மறுநாளே அதைவிட அதிகமாகத் தானாகத் தளர்ந்துவிடும் என்பதை அவருடைய கை ஏனோ அவருக்குத் தெரிவிக்கவில்லை.

கை தெரிவித்தது வேறொன்றை. முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தது. முதலில் மட்டையைப் பிடித்தால் வலி, பிறகு சாவியைத் திருப்பினால் வலி, கடைசியில் காபி டம்ளரைத் தூக்கினாலே வலி. வலிக்க ஆரம்பித்ததும் வந்திருக்க வேண்டாமா என்று நோயாளிகளைத் தினமும் திட்டுகிறவர், தன் கைக்கு ஏதோ களிம்பைத் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை அது கிளினிக்கில் வெளியே வந்தது. கீழ்க் கடைவாய்ப் பல், கெட்டியான வேர். டாக்டர் இடுக்கியால் பல்லைப் பிடித்து அழுத்தினார். முழங்கையில் சுருக்கென்று ஒரு வலி. விரல்கள் தானாக விரிந்துவிட்டன. மறுபடி பிடித்தார். மறுபடி விரிந்தன. நாற்காலியில் கிடந்தவர் வாயைத் திறந்தபடி கண்ணை உருட்டினார். பக்கத்து அறையிலிருந்து ஜூனியர் டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்தப் பெண் அலட்டிக்கொள்ளாமல் பல்லை எடுத்துவிட்டுப் போனாள். நோயாளி போகும்போது, அடுத்த முறையும் அந்த அம்மாவிடமே நேரம் வாங்கிக்கொண்டு போனார்.

டாக்டருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான், அது அந்த வலது கையில் இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மருந்துக்கடை வைத்திருக்கும் அந்த அம்மாள் அதே கிளப்பில் பெண்கள் அணியில் ஆடுகிறவள். நாற்பத்தெட்டு பவுண்டு, மிருதுவான ஸ்ட்ரிங். அவளிடம் எத்தனை பவுண்டு என்று யாரும் கேட்டதில்லை. கோப்பைகளை மட்டும் கொடுத்தனுப்புவார்கள்.

முதலில் கையை ஆறப் போடச் சொன்னாள். சில வாரங்கள் கழித்துத் தன் மட்டையையே கையில் கொடுத்தாள். டாக்டர் அடித்த முதல் பந்து வேலியைத் தாண்டிப் போயிற்று. பார்த்தாயா என்பது போல வெற்றியோடு திரும்பினார்.

"தளர்வா இருந்தா ஸ்ட்ரிங்கே பந்தைத் தள்ளி விட்டுடும். நீங்களும் சேர்ந்து பேய் மாதிரி வீசினா அது வேற எங்க போகும்?" என்றாள். "இறுக்கிக் கட்டினா அது தள்ளாது. எல்லாம் நீங்கதான் தள்ளணும். அதிர்ச்சியையும் அது வாங்காது, உங்க முழங்கைதான் வாங்கும். கை வேணுமா, பவுண்டு வேணுமா?"

கை வேண்டும் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு தன் மட்டையையும் அதே மாதிரி கட்டி வாங்கிக்கொண்டார். பாதி வீச்சுதான். மட்டையைக் கீழிருந்து மேலாகத் தடவி எடுத்தால் பந்து சுழன்றுகொண்டே போய்க் கோட்டுக்குள் இறங்கியது. அவசரப்பட்டால் மட்டும் எகிறியது. அவசரப்படுவது அவருடைய சுபாவம், அதற்கு எந்தக் கடையிலும் ஸ்ட்ரிங் விற்பதில்லை.

கிளப்பின் இரட்டையர் அரையிறுதி வந்தது. ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டும் சமமாகி, முடிவு கட்டும் டைபிரேக். டாக்டர் அதுவரை ஒழுங்காக ஆடினார், கை வலிக்கவில்லை. கடைசிக் கட்டம் வந்ததும் பழைய புத்தி வந்து முழு வீச்சில் அடித்தார். பந்து ஒரு சாண் வெளியே விழுந்தது. மச்சான் பல்லை நறநறவென்று கடித்தான். தன்னுடைய உபரி மட்டையை எடுத்து நீட்டினான். அறுபத்து நான்கு பவுண்டு.

"இதுல ஆடுங்க அத்தான். ரெண்டே பாயின்ட். உள்ளதான் விழும்."

விழும்தான். டாக்டருக்கு அது தெரியும். கை நீளவும் செய்தது. திங்கட்கிழமை காலையில் அவர் எடுக்க வேண்டிய பற்கள் கண் முன்னால் வரிசை கட்டி நின்றன. கையை இழுத்துக்கொண்டார். அடுத்த பந்தும் நாலு விரல்கடை வெளியே போனது, ஆட்டம் போயிற்று. மச்சான் எதிராளிகளோடு கை குலுக்கினான், அத்தானோடு குலுக்கவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை கன்னம் பலாச்சுளை போல வீங்கிக் கிளினிக்கில் வந்து நின்றான். நறநறவென்று கடித்ததில், ஏற்கெனவே அடைத்து வைத்திருந்த கடைவாய்ப் பல் வேர்வரை பிளந்திருந்தது. காப்பாற்ற வழியில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும். ஊரில் வேறு பல் டாக்டரே இல்லையா என்று கேட்க டாக்டருக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் அவனுடைய முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே, வலிக்குக் கட்டுகிற கறுப்புப் பட்டை ஒன்று இறுக்கமாகச் சுற்றியிருந்தது. மச்சான் கையை இழுத்து மறைக்கப் பார்த்தான். டாக்டர் பட்டையைப் பார்த்துவிட்டு ஊசி போட்டார். மரத்துப் போனதும் இடுக்கியை எடுத்தார். ஒரு நொடி தன் முழங்கைக்காகப் பயந்தார். அழுத்தினார், அசைத்தார், திருப்பினார். விரல்கள் விரியவில்லை. பல் முழுசாக, வேரோடு வெளியே வந்தது. அதைத் தட்டில் போட்டார். ஜூனியர் டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

ரத்தம் நிற்கக் கடித்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் வைத்த பஞ்சை, மச்சான் அவர் எதிரிலேயே வாயிலிருந்து எடுத்தான்.

"ஒரு வருஷமா வலிக்குது அத்தான். வீட்ல கதவைக்கூட இடது கையாலதான் திறக்கிறேன்."

"அப்புறம் எதுக்குடா என்னை ஏத்து ஏத்துன்ன?"

"முதல்ல பந்து உள்ள விழணும்னுதான் சொன்னேன். நீங்க கேட்டுக் கேட்டு ஏத்தினீங்க. நீங்க அறுபத்திரண்டுக்கு வந்தப்புறம் நான் எப்படிக் குறைக்கிறது? சொல்லிக் கொடுத்தவன் நான், கீழே இருந்தா நல்லாவா இருக்கும்?"

பல் டாக்டருக்கு, இடுக்கி இன்னும் கையில்தான் இருக்கிறது, இன்னொன்றையும் எடுத்துவிடலாமா என்று இருந்தது. புதுப் பஞ்சை எடுத்து அவன் வாயில் வைத்து, அரை மணி நேரம் கடித்துக்கொண்டு பேசாமல் இரு என்றார்.