ஆறின சோறு, பழைய ஊசி

சலூன்காரருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. ஒரு தட்டுச் சுடுசோற்றுக்கு இவ்வளவு என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். ஊசி போட்டும் சாப்பிட்ட பிறகு சர்க்கரை எகிறியது. மனைவிக்கு அதுவே மனக்குறை.

அன்று மத்தியானம் அவள் யாரிடமும் சொல்லாமல் காரியத்தில் இறங்கினாள். முந்தின நாள் வடித்து ஃபிரிட்ஜில் வைத்த சோற்றில் பாதித் தட்டளவு எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கினாள். மீதிப் பாதிக்கு வெந்த பருப்பு. எண்ணெய் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்று யாரோ சொன்ன ஞாபகம். எண்ணெய்க் கரண்டி தாராளமாகச் சாய்ந்தது.

அவர் வழக்கமான ஊசியைப் போட்டுக்கொண்டார். தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"இன்னிக்கு என்னம்மா, கை மணக்குது!"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் முன்னறையில் இருக்கும் கடைக்குப் போனார்.

சற்று நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. "தங்கச்சி, ஓடி வா!"

சவரத்துக்கு வந்திருந்த கணவரின் நண்பர், ஓய்வு பெற்ற தபால்காரரின் குரல். அவர் பாதி முகத்தில் நுரையோடு நின்றுகொண்டிருந்தார், கையில் சவரக்கத்தி. வாடிக்கையாளர் நாற்காலியில் கணவர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் ஆடின.

"கை நடுங்குறதைப் பார்த்து கத்தியை வாங்கிட்டேன். இல்லேன்னா என் காதை நானே பொட்டலம் கட்டியிருக்கணும்."

அவள் கணவரின் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கிக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரம் தபால்காரர் நண்பரின் தோளை விடவில்லை. மறுபடி பார்த்தபோது எண் ஏறியிருந்தது.

டாக்டரைப் போனில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"சோத்தைப் பாதியாக்கிட்டீங்க. ஆறவெச்ச சோறு கொஞ்சம் மெதுவா செரிக்கும், சூடு பண்ணினாலும் அந்தக் குணம் பெரும்பாலும் போகாது. பருப்பு இன்னும் மெதுவாக்கும். எண்ணெய் சர்க்கரையைக் குறைக்காது, தள்ளித்தான் போடும். ஊசி முந்திடுச்சு, சோறு பிந்திடுச்சு. சாயங்காலம் ஏறும், பாருங்க. அவசரப்பட்டு ஊசி போட வேண்டாம், எனக்குச் சொல்லுங்க."

சொன்னபடியே சாயங்காலம் ஏறியது.

"நல்லது பண்றேன்னு உங்களைக் கவுத்துட்டேனே," என்றாள் கணவரிடம்.

"சாப்பாடு சரிதான்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

டாக்டர் எண்ணெயைச் சின்ன ஸ்பூனுக்குக் குறைத்தார். அந்தத் தட்டுக்கென்று ஊசி அளவையும் மாற்றினார். சில நாள் குத்திக் குத்திப் பார்த்ததில், மேலும் கீழும் குதிக்காமல் எண் அடங்கியது.

இப்போது ஊசியை எடுக்கும் முன் அவர் அடுக்களைப் பக்கம் குரல் கொடுப்பார். "என்ன சோறு?"

"ஆறினது. பாதி பருப்பு. எண்ணெய் ஒரு ஸ்பூன்."

தபால்காரர் கடைக்குள் நுழையும்போதெல்லாம் அவள் கதவோரம் வந்து நிற்கிறாள். நன்றி சொல்ல வாய் வருவதில்லை. "உட்காருங்கண்ணே," என்று மட்டும் சொல்கிறாள்.

"உட்காருறேம்மா. அன்னிக்குப் பாதி முகத்தோட வீட்டுக்குப் போனேன். உங்கண்ணி கதவைத் தொறக்கவே யோசிச்சா."

கணவர் சிரித்துக்கொண்டே கத்தியை எடுக்கிறார். அவள் அவர் கையையே பார்க்கிறாள். ஆடவில்லை.