நாலு சொம்புத் தண்ணீர்

தொண்ணூற்றேழில் ராஜபாளையத்தில் என் கிளினிக்கில் ஆபரேஷன் தியேட்டர் உண்டு, ஸ்கேன் மெஷின் கிடையாது. வயிற்றுக்குள் பார்க்கணும் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றி அனுப்புவேன். அனுப்பும்போது எல்லாருக்கும் ஒரே பாட்டுதான்: "நல்லாத் தண்ணி குடி, ஒண்ணுக்குப் போகாம அடக்கி வச்சிட்டுப் போ." மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும். இதைக் கேட்டு முகம் சுளிக்காத பொம்பளையை நான் பார்த்ததே இல்லை, வேலுத்தாயைத் தவிர.

வேலுத்தாய் மம்சாபுரத்துக்காரி. நூல் மில்லில் கோன் வைண்டிங், அதாவது கூம்புக் கட்டையில் நூல் சுற்றும் வேலை. இரண்டு பிள்ளைகள், அதற்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது. புருஷன் தவசிமுத்துவோடு காலையிலேயே வந்து நின்றாள். மாதவிலக்கு தள்ளிப்போய், பிறகு சொட்டுச் சொட்டாகப் பட்டிருக்கிறது. அடிவயிற்றில் வலது பக்கம் வலி. கை வைத்து அமுக்கியதும் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒரே பயம்தான். கருக்குழாயைக் கட்டினவர்களுக்கும் எப்போதாவது கர்ப்பம் தரிக்கும். அப்படித் தரித்தால் குழாயிலேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. குழாய் வெடித்தால் வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், மம்சாபுரத்திலிருந்து வண்டி பிடித்து வருவதற்குள் ஆள் போய்விடும். "முதல்ல லேப்ல மூத்திரம் குடுத்துட்டு, பொறவு தண்ணி குடிச்சிட்டு ஸ்கேனுக்குப் போ" என்று எழுதியும் கொடுத்தேன், வாயாலும் சொன்னேன்.

மத்தியானம் திரும்பி வந்தாள். கர்ப்பப்பை காலி, பக்கத்திலும் எதுவும் தென்படவில்லை என்று ஸ்கேன் ரிப்போர்ட். குழாயில் இருப்பது சின்னதாக இருந்தால் அந்த மெஷினுக்கு அகப்படாது. ஆகவே எல்லாமே மூத்திர டெஸ்டில்தான் இருந்தது. லேப் டெக்னீஷியன் ரத்தினம் கர்ப்பம் பார்க்கிற கார்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒற்றைக் கோடு.

"கர்ப்பம் இல்ல மேடம்."

நான் அவன்மேல் பாய்ந்தேன். "பாக்கெட்ட எப்பப் பிரிச்ச? காலையிலேயே பிரிச்சுக் காத்தாட வச்சிருந்தியா?"

"இப்பதான் மேடம்."

"தேதி முடிஞ்ச கார்டா? வெயில்ல கிடந்துச்சா? சொட்டு விட்டதும் அரை நிமிஷத்துல எடுத்துப் பாத்துட்டு ஓடி வந்துட்டியா?"

"சொட்டு எண்ணி விட்டேன், முழு நேரமும் காத்திருந்தேன். அந்தா, கன்ட்ரோல் கோடு நல்லாச் செவப்பா விழுந்திருக்கு பாருங்க." அவனும் சலித்துக்கொண்டான். என்னிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

அவன் சொன்னதில் தப்பில்லை. டெஸ்ட் சரியாக ஓடினால்தான் அந்தக் கடைசிக் கோடு விழும். சரி, குழாயில் இல்லை, வேறு ஏதோ வலி என்று மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்தேன். "சாயங்காலம் ஷிப்ட் இருக்கு, போறேன்மா" என்று வேலுத்தாய் எழுந்தாள். எழுந்தவள் நேரே கக்கூசுக்குப் போனாள். திரும்பி வந்து செருப்பைத் தேடியவள், மறுபடியும் உள்ளே போனாள்.

"ஏட்டி, எத்தனை தடவை போவ? மூத்திரக் கடுப்பா?"

"கடுப்பெல்லாம் இல்லம்மா. நாலு சொம்புத் தண்ணி குடிச்சேம்லா. அம்புட்டும் இறங்கணும்."

"எப்பக் குடிச்ச? லேப்ல குடுத்த பொறவுதான?"

"இல்லம்மா, இப்ப வந்துதான் லேப்ல குடுத்தேன். காலையிலேயே குடுத்துட்டா ஸ்கேனுக்கு எதை அடக்கிட்டுப் போக? உள்ளதையும் வச்சுக்கிட்டு, அதுக்கு மேலயும் குடிச்சிட்டுப் போனேன்." சொன்னதற்கு மேலேயே செய்துவிட்ட பெருமை அவள் முகத்தில்.

அடிப்பாவி! பேனாவை மூடினேன். லேப்புக்குப் போய் அவள் கொடுத்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குழாயடியில் பிடித்த தண்ணீர் மாதிரி இருந்தது. ரத்தினம் அடர்த்தி பார்க்கிற மிதவையைப் போட்டான். பச்சைத் தண்ணீரில் நிற்கிற இடத்திலேயே நின்றது. "ஐயோ மேடம்" என்றான். பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னேன்.

வேலுத்தாயை வீட்டுக்கு விடவில்லை. கையில் ஊசி குத்தி சலைன் போட வழி பண்ணி வைத்து, ரத்த வகை பார்த்து, நர்ஸ் மாடத்தியை நாடி பார்க்கப் பக்கத்தில் உட்கார்த்தினேன். நாடி எகிறினால் எந்த டெஸ்டுக்கும் காத்திருக்காமல் வயிற்றைத் திறப்பது என்று முடிவு. எகிறவில்லை. விடிந்ததும் எழுந்து முதலில் போன மூத்திரத்தைப் பிடித்தோம். நல்ல மஞ்சள். கார்டில் இரண்டாவது கோடு விழுந்தது. மங்கல்தான், ஆனால் கோடு கோடுதான்.

இனி ஆபரேஷனுக்குத் தவசிமுத்துவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவன் பேனாவைத் தொடவில்லை.

"நேத்து இல்லன்னிய. இன்னிக்கு உண்டுங்கிய. அவளுக்குத்தான் ஆபரேஷன் பண்ணியாச்சே, பொறவு எப்படி?" கேட்டவன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். தன்மேல் சந்தேகப்படுகிறான் என்று வேலுத்தாய்க்குப் புரிந்துவிட்டது. வலியில் வராத கண்ணீர் அப்போது வந்தது. எனக்கு அவனை நாலு அறை அறையலாம் போல் இருந்தது.

அறையவில்லை. லேப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். நேற்றைய பாட்டிலை வெளியே எடுத்து, குளிர் விட்டதும் இரண்டு புதுக் கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் நேற்றையதும் ஒன்றில் இன்றையதும் சொட்டு விட ரத்தினத்திடம் சொன்னேன்.

"இங்க பாரு. சொட்டு விட்ட இடத்துல சாயம் ஏத்தின துகள் காய்ஞ்சு ஒட்டியிருக்கு. கர்ப்பம் இருந்தா மூத்திரத்துல ஒரு சத்து வரும். துகள் அதைப் பிடிச்சுக்கிட்டு, ஈரத்தோட இந்தக் காகிதத்துல ஊறிக்கிட்டே போகும். நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டுல அந்தச் சத்தைப் பிடிக்கிற மருந்து இருக்கு. துகளும் சத்துமா அங்க மாட்டி நிறைய சேர்ந்தாத்தான் செவப்பு தெரியும். கடைசிக் கோடு சத்து இருந்தாலும் இல்லாட்டியும் துகளைப் பிடிச்சுக்கிடும். அது செவந்தா ஈரம் கடைசி வரைக்கும் ஓடுச்சு, துகளும் வந்து சேர்ந்துச்சுன்னு அர்த்தம். சத்து எம்புட்டு இருந்துச்சுன்னு அது சொல்லாது."

ஈரம் ஊறி ஊறிப் போவதை அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் ஆனது. நேற்றையதில் ஒரு கோடு. இன்றையதில் இரண்டு.

"ரெண்டும் ஒரே ஆளு மூத்திரம். கர்ப்பம் நேத்தும் இருந்துச்சு. அந்தச் சத்து தண்ணியில நீர்த்துப் போச்சு, அவ்வளவுதான். கட்டின குழாய் பொறவு ஒட்டிக்கிடுறதும் உண்டு, அது அவ குத்தமில்ல. இன்னும் கேக்கணுமா, இல்ல அது வெடிக்கிற வரைக்கும் யோசிச்சுக்கிட்டு நிக்கப் போறியா?"

அவன் கையெழுத்துப் போட்டான்.

மயக்க டாக்டர் வந்ததும் திறந்தோம். வலது குழாய் கருத்து, சுண்டைக்காயை விழுங்கின மாதிரி வீங்கி, ஓரத்தில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அதை எடுத்தேன். முந்தின நாள் சாயங்கால ஷிப்டுக்குப் போக எழுந்து செருப்பைத் தேடினாளே, அது தையல் போடும்போது ஞாபகம் வந்தது.

மயக்கம் தெளிந்து வேலுத்தாய் முதலில் கேட்டது தண்ணீர்.

"கூடாது. இன்னிக்கு ஒரு மடக்குக்கூடக் கூடாது."

கண்ணைத் திறக்காமலே முனகினாள்: "குடின்னாலும் நீங்கதான், குடிக்காதன்னாலும் நீங்கதான்."

மாடத்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவசிமுத்து கதவோரம் நின்றிருந்தான். உள்ளே வரலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். பிறகு கட்டிலருகே வந்து, "டாக்டரம்மா, பஞ்சை நனைச்சு உதட்டுல மட்டும் வைக்கலாமா?" என்று கேட்டான்.

வைக்கலாம் என்றேன். அவன் பஞ்சை நனைத்துப் பிழிந்து, குனிந்து, அவள் உதட்டில் வைத்தான். அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.